கணக்கில் 18, தொட்டியில் 14: வீட்டில் கலக்கும் அடர்தீவனம் எங்கே தப்புகிறது?

போன மாசம் ஒடுகத்தூர் பக்கத்திலிருந்து ஒரு அக்கா போன் பண்ணினார். "தம்பி, நீ சொன்ன மாதிரிதான் சதுரம் போட்டுக் கலந்தேன், எல்லாம் எடை போட்டுத்தான் போட்டேன், ஆனா கடையில வாங்கின தீவனத்துல இருந்த பால் இதுல இல்ல, சாணியும் கெட்டியா அடுக்கு அடுக்கா விழுது" என்றார். கணக்கு எழுதின தாளைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். தாளில் ஒரு தப்பும் இல்லை. தப்பு தவிட்டு மூட்டையில் இருந்தது. அதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு இரண்டு நாள் ஆயிற்று. அந்த இரண்டு நாளில் எதையெல்லாம் சந்தேகப்பட்டோமோ, அதையெல்லாம் அறிகுறி வாரியாக இங்கே எழுதுகிறேன்.

முதலில் சரியான கணக்கு ஒன்று கையில் இருக்கட்டும், கீழே எல்லாமே அதை வைத்துத்தான். அக்காவிடம் இருந்தது கடலைப் புண்ணாக்கு, மக்காச்சோள மாவு, அரிசித் தவிடு. புண்ணாக்கில் புரதம் 42 சதவீதம், மக்காச்சோளத்தில் 9, நல்ல தவிட்டில் 13 என்று வைத்துக்கொள்கிறோம். கறவை மாட்டுக்கு 18 சதவீதப் புரதம் உள்ள 100 கிலோ கலவை வேண்டும். சதுரம் என்பது இரண்டு பொருளின் புரதத்தை இடது மூலைகளிலும் வேண்டிய புரதத்தை நடுவிலும் எழுதி, குறுக்கே கழித்துப் பங்கு எடுக்கிற கணக்கு. அதில் இரண்டு பொருளுக்குத்தான் இடம், நம்மிடம் பொருள் மூன்று. அதனால் மக்காச்சோளத்தையும் தவிட்டையும் சரிபாதியாக ஒரு ஜோடியாக்கிவிடுகிறோம். 9-க்கும் 13-க்கும் நடுவில் 11. இனி அந்த ஜோடி ஒரே பொருள் மாதிரி. அப்புறம், 100 கிலோவில் 2 கிலோ தாதுஉப்புக் கலவையும் 1 கிலோ சாப்பாட்டு உப்பும் போகும், அவற்றில் புரதமே கிடையாது. ஆக மிச்சமுள்ள 97 கிலோதான் 18 கிலோ புரதத்தையும் சுமக்க வேண்டும்: 18-ஐ 97-ஆல் வகுத்தால் 18.6 சதவீதம். சதுரத்தின் நடுவில் எழுத வேண்டியது இந்த 18.6, வெறும் 18 இல்லை.

```
புண்ணாக்கு   42             7.6   (18.6 - 11)
                \        /
                   18.6
                /        \
ஜோடி         11            23.4   (42 - 18.6)
```

குறுக்கே கழிக்க வேண்டும். இடது கீழ் 11-ஐ நடுவிலிருந்து கழித்தால் வலது மேலே 7.6, அது புண்ணாக்கின் பங்கு. இடது மேல் 42-இலிருந்து நடுவைக் கழித்தால் வலது கீழே 23.4, அது ஜோடியின் பங்கு. இரண்டும் சேர்ந்து 31 பங்கு. 97 கிலோவை 31 பங்காக்கி 7.6 பங்கு எடுத்தால் புண்ணாக்கு 24 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. 24 என்றே வைத்துக்கொள்ளலாம். மிச்சம் 73; மக்காச்சோளம் 36.5, தவிடு 36.5.

இதோடு பலர் பேனாவை மூடிவிடுகிறார்கள். மூடாதீர்கள், ஒரு தடவை திருப்பிப் பெருக்குங்கள். புண்ணாக்கிலிருந்து 10.08 கிலோ புரதம், மக்காச்சோளத்திலிருந்து 3.29, தவிட்டிலிருந்து 4.75. கூட்டினால் 18.1. இந்தத் திருப்பிப் பெருக்கல் ஒரு நிமிஷ வேலை. கீழே வருகிற முதல் இரண்டு கோளாறும் இதில் அப்படியே மாட்டிக்கொள்ளும்.

புண்ணாக்கு மூட்டை சீக்கிரம் கரைகிறது, சாணி இளகுகிறது, காலையில் கொட்டகைக்குள் போனால் மூத்திர நெடி கண்ணை எரிக்கிறது

சதுரத்தைத் தலைகீழாகப் படித்திருக்கிறீர்கள். குறுக்கே போக வேண்டிய கழித்தலை நேராக இழுத்துவிட்டால் 23.4 பங்கு புண்ணாக்குக்குப் போய்விடும். 97 கிலோவில் 73 கிலோ புண்ணாக்கு! கலவையின் புரதம் 33 சதவீதத்தைத் தாண்டிவிடும். மாட்டால் அவ்வளவு புரதத்தைப் பாலாக்க முடியாது. மிஞ்சியது யூரியாவாகி மூத்திரத்தில் போகிறது, தரையில் அது அம்மோனியாவாக மாறுகிறது. நெடி அதுதான். காசைக் கொட்டி நெடி வாங்கின கதை.

நான் முதன்முதலில் சதுரம் போட்டபோது செய்ததும் இதையேதான். எங்கள் தெரு மாமா ஒருவர் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "இன்னாப்பா, மாட்டுக்குப் புண்ணாக்குல தவிடு தூவிப் போடப் போறியா?" என்று கேட்டார். அதற்கப்புறம் நான் வைத்திருக்கிற கைக்கணக்கு இது: குறி வைக்கும் எண் எந்தப் பொருளுக்குப் பக்கத்தில் இருக்கிறதோ அந்தப் பொருள்தான் அதிகம் வர வேண்டும். 18.6 என்பது 11-க்குப் பக்கம், 42-க்கு ரொம்ப தூரம். எனவே ஜோடிதான் அதிகம். விடை இதற்கு மாறாக வந்தால் தாளைக் கிழித்துவிட்டு மறுபடி போடலாம்.

சதுரம் விடை தருகிறது, திருப்பிப் பெருக்கினால் ஒட்டவே இல்லை

இதற்கு இரண்டு காரணம். சின்னது முதலில்: உப்பும் தாதுஉப்பும் கணக்கில் வராமல் போனது. நடுவில் 18 என்றே எழுதி 100 கிலோவுக்குக் கணக்குப் போட்டு, கலந்து முடித்த பிறகு மேலே 3 கிலோவைத் தூவினால் மொத்தம் 103 கிலோ, புரதம் 17.5. அரை சதவீதம்தான், மாடு செத்துவிடாது. ஆனால் மற்ற தப்புகளோடு இதுவும் சேரும்போது கணக்கில் எது எங்கே போனது என்றே தெரியாமல் போய்விடும்.

பெரிய காரணம், குறி வைத்த எண் இரண்டு பொருளுக்கும் நடுவில் இல்லாதது. கடலைப் புண்ணாக்கு விலை ஏறினதும் நம் ஆட்கள் தேங்காய்ப் புண்ணாக்குக்கு மாறுவார்கள். அதில் புரதம் 21 அளவுக்குத்தான். ஒருத்தர் அதையும் தவிட்டையும் வைத்து 22 சதவீதம் எடுக்கப் பார்த்தார். 22-இலிருந்து 13 போனால் 9. 21-இலிருந்து 22 போனால் கழித்தல் 1. "கழித்தல் குறியைக் கண்டுகொள்ளாதே" என்று யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள், அவரும் 9-க்கு 1 என்று எழுதிக் கலந்துவிட்டார். பெருக்கிப் பாருங்கள், 20.2 வரும். 22 வரவே வராது. 21 உள்ள பொருளையும் 13 உள்ள பொருளையும் எப்படிக் குழைத்தாலும் 21-ஐத் தாண்ட முடியாது, வெந்நீரில் பச்சைத்தண்ணீர் ஊற்றிச் சூடேற்ற முடியாத மாதிரி. குறியைக் கண்டுகொள்ளாமல் விடுவது நடுவெண் இரண்டுக்கும் இடையில் இருக்கும்போது மட்டும்தான் செல்லும். இல்லையென்றால் இரண்டு புண்ணாக்கையும் முதலில் ஜோடியாக்கிக்கொள்ள வேண்டும். கடலை பாதி, தேங்காய் பாதி என்றால் 31.5, அதைச் சதுரத்தின் மேல் மூலையில் வைத்துவிட்டு மறுபடி போடலாம்.

ஒரு சின்ன விஷயம் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பரிசோதனைக் கூட அறிக்கையில் புரதம் "உலர் நிலையில்" என்று போட்டிருக்கும், சில அட்டவணைகளில் மூட்டையில் இருக்கிற ஈரத்தோடு போட்டிருக்கும். ஈரத்தோடு 42 இருக்கிற புண்ணாக்கு, ஈரம் பத்து சதவீதம் என்றால், உலர் நிலையில் 46.7. ஒரு பொருளுக்கு இதையும் இன்னொரு பொருளுக்கு அதையும் எடுத்தால் சதுரம் பாவம் என்ன செய்யும்? எல்லாவற்றுக்கும் ஒரே கணக்கு எடுங்கள். மூட்டையை அப்படியே எடை போட்டுக் கலக்கிறோம், அதனால் ஈரத்தோடு உள்ள எண்தான் நமக்கு வசதி.

கணக்கும் சரி, எடையும் சரி, பால் மட்டும் குறைகிறது. சாணி கெட்டியாக விழுகிறது, வைக்கோலை மிச்சம் வைக்கிறது

அக்காவின் கோளாறு இதுதான். இந்த அறிகுறிகள் மூன்றும் சேர்ந்து வந்தால் புரதம் பற்றவில்லை என்று முதலில் நினைக்கலாம். வைக்கோலைச் செரிக்கிற வேலை மாட்டின் முதல் வயிற்றில் இருக்கும் நுண்ணுயிர்களுடையது, அவற்றுக்கும் நைட்ரஜன் வேண்டும். அது குறைந்தால் வைக்கோல் உள்ளேயே கிடக்கும், வயிறு காலியாகாது, மாடு வைக்கோலைத் தள்ளிவிடும்.

முதலில் தராசைச் சந்தேகப்பட்டோம். ஒரு லிட்டர் தண்ணீர் பாக்கெட் வைத்துப் பார்த்தார், சரியாகக் காட்டியது. பிறகு பசுந்தீவனம் மாறியதா என்று கேட்டேன். அதே கோ-4 புல்தான். அடுத்து தவிடு எங்கே வாங்கினது என்று கேட்டேன். எப்போதும் ஆரணிப் பக்கத்து மாடர்ன் ரைஸ் மில் தவிடு வருமாம், இந்த முறை பக்கத்து ஊர் ஹல்லர் மில்லில் மூட்டைக்கு நல்ல விலை குறைவு என்று அங்கே வாங்கியிருக்கிறார். சரி, அங்கேதான் விஷயம்.

மாடர்ன் மில்லில் உமி தனியாகவும் தவிடு தனியாகவும் வரும். பழைய ஹல்லரில் நெல்லைப் போட்டால் உமியும் தவிடும் ஒன்றாக அரைபட்டு ஒரே வாயில் வந்து விழும். பார்வைக்கு இரண்டும் தவிடுதான். ஆனால் உமி கலந்ததில் புரதம் 6, 7 என்று இறங்கிவிடும். உமியில் இருப்பது மணற்சத்தும் மரநாரும், மாட்டுக்கு அது வயிற்றை அடைக்கிற சாமான்.

வீட்டிலேயே பார்க்க மூன்று வழி. ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிடித்துத் திறந்தால், நல்ல தவிடு அதன் எண்ணெயினால் கொழுக்கட்டை மாதிரி கொஞ்சம் பிடித்துக்கொள்ளும். உமித் தவிடு உதிர்ந்துவிடும், விரலில் தேய்த்தால் நறுக்கென்று குத்தும். (எண்ணெய் எடுத்த தவிடும் உதிரத்தான் செய்யும், அதற்கு இந்தச் சோதனை வேண்டாம், அதில் எண்ணெய் இல்லாவிட்டாலும் புரதம் நல்ல தவிட்டைவிடக் கொஞ்சம் கூடத்தான் இருக்கும்.) இரண்டாவது, கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றி ஒரு பிடி போட்டுக் கலக்கி வைத்தால் உமி மேலே மிதக்கும், மண் இருந்தால் அடியில் தங்கும். மூன்றாவது முறம். புடைத்துப் பாருங்கள், முறத்தின் வாய்க்கு எவ்வளவு ஓடுகிறது என்று. அக்கா டம்ளரில் போட்டுவிட்டுக் கூப்பிட்டார்: "தம்பி, மேல மூணு விரக்கட்டை மெதக்குது."

இப்போது கணக்கைத் திருத்துவோம். தவிட்டுக்கு 13-க்குப் பதில் 7 வைத்தால் 36.5 கிலோவிலிருந்து வருவது 4.75 இல்லை, 2.56 கிலோதான். கலவை 16-க்குக் கீழே வந்துவிடுகிறது. ஆனால் அவர் மாட்டின் நிலை 16-க்குரியதாகத் தெரியவில்லை, அதைவிட மோசம். அதனால் புண்ணாக்கையும் பார்த்தோம். தண்ணீரில் ஊறப்போட்டுக் கரைத்தபோது கடலைத்தோல் மேலே வந்தது, பாத்திரத்தை மெல்லச் சாய்த்து வடித்தபோது அடியில் விரலில் படுகிற அளவுக்கு மணல். தோலோடு ஆட்டிய புண்ணாக்கு 42 தராது. கூட்டிக் கழித்து 36 என்று வைத்தோம். 24 கிலோவிலிருந்து 8.64. மூன்றையும் கூட்டினால் 14.5. தாளில் 18, தொட்டியில் 14.5. பால் குறையாமல் என்ன செய்யும்?

இந்த எண்களை வைத்து மறுபடி சதுரம் போட்டால் ஜோடி 8, புண்ணாக்கு 36, நடுவில் அதே 18.6. புண்ணாக்கின் பங்கு 10.6, ஜோடியின் பங்கு 17.4, மொத்தம் 28. அதாவது புண்ணாக்கு ஏறத்தாழ 37 கிலோ, மக்காச்சோளமும் தவிடும் தலா 30. 100 கிலோவுக்கு 13 கிலோ புண்ணாக்கு கூடுதலாக வேண்டும். மூட்டைக்கு மிச்சம் பிடித்த காசு எங்கே போனது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, இப்படிப் புண்ணாக்கை ஏற்றிப் புரதத்தை 18-க்குக் கொண்டுவந்தாலும் அந்த 30 கிலோவில் இருக்கும் உமி உமியாகவேதான் இருக்கும். தீவனத்தின் சக்தி ஏறாது. சதுரத்துக்குப் புரதம் ஒன்றுதான் கண்ணுக்குத் தெரியும். அதனால் அக்காவிடம் புண்ணாக்கைக் கூட்டச் சொல்லவில்லை, தவிட்டை மாற்றச் சொன்னேன்.

கலப்படத்தில் உமியைவிடத் தந்திரமானது யூரியா. ஆய்வுக் கூடத்தில் புரதத்தை நேராக அளப்பதில்லை, நைட்ரஜனை அளந்து 6.25-ஆல் பெருக்குகிறார்கள். யூரியாவில் நைட்ரஜன் எக்கச்சக்கம், அதனால் மட்டமான புண்ணாக்கில் கொஞ்சம் யூரியா கலந்தால் அறிக்கையில் புரதம் ஜம்மென்று வரும். சந்தேகம் இருந்தால் வறுக்காத சோயாவைப் பொடித்து, ஊறின புண்ணாக்கில் கலந்து மூடி, வெதுவெதுப்பான இடத்தில் அரைமணி நேரம் வையுங்கள். சோயா கலக்காத புண்ணாக்கு ஒரு கிண்ணமும் பக்கத்தில் வையுங்கள். சோயாவில் இருக்கும் யூரியேஸ் என்ற நொதி யூரியாவை அம்மோனியாவாக்கும், மூடியைத் திறந்ததும் அந்தக் கிண்ணத்தில் மட்டும் நெடி தூக்கும். இதில் நெடி வந்தால் அந்தப் புண்ணாக்கைக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுப்பது நல்லது. கூடத்துக்கு அனுப்புவதாக இருந்தால், நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் தீவனப் பகுப்பாய்வுக் கூடம் இருக்கிறது. ஒரே மூட்டையின் வாயிலிருந்து அள்ளாமல் நாலைந்து மூட்டையின் நடுவிலிருந்தும் அடியிலிருந்தும் எடுத்துக் கலந்து அரைக்கிலோ அனுப்புங்கள், யூரியா சோதனையும் சேர்த்துக் கேளுங்கள்.

பால் அளவு அப்படியே இருக்கிறது, சொசைட்டியில் ஃபேட் மட்டும் இறங்குகிறது. சாணி புளித்த வாடையோடு தண்ணியாகப் போகிறது, மாடு அசை போடுவது குறைந்துவிட்டது

இது வேறு ஜாதிக் கோளாறு. முதலில் கேட்க வேண்டிய கேள்வி: கிலோவில் கலந்தீர்களா, டின்னில் கலந்தீர்களா?

36.5, 36.5, 24 என்பதைப் பார்த்தாலே கைக்கு 3, 3, 2 என்று தோன்றும். தராசு எடுக்கச் சோம்பல், 15 லிட்டர் எண்ணெய் டின் ஓரமாக இருக்கிறது, மூன்று டின் மக்காச்சோள மாவு, மூன்று டின் தவிடு, இரண்டு டின் பொடித்த புண்ணாக்கு என்று கொட்டிவிடுகிறோம். ஆனால் அந்த டின்னில் மக்காச்சோள மாவு 9 கிலோ பிடித்தால் அரிசித் தவிடு 5 கிலோதான் பிடிக்கும், புண்ணாக்குத் தூள் 8 கிலோ. (கோதுமைத் தவிடு என்றால் 3 கிலோவைத் தாண்டினாலே பெரிசு.) ஆக விழுந்தது மக்காச்சோளம் 27, தவிடு 15, புண்ணாக்கு 16, மொத்தம் 58 கிலோ.

இதில் வேடிக்கை என்னவென்றால், புரதம் கெடுவதில்லை. பெருக்கிப் பார்த்தால் 19 சதவீதம் வருகிறது, கேட்டதைவிடக் கொஞ்சம் கூடத்தான். கூடத்துக்கு அனுப்பினாலும் "நல்ல தீவனம்" என்றுதான் அறிக்கை வரும். ஆனால் மக்காச்சோளம் 100-க்கு 36.5 இருக்க வேண்டியது 46-ஐத் தாண்டிவிட்டது, தவிடு 26-க்கு இறங்கிவிட்டது. நைசாக அரைத்த மாவு, கூடவே நார் குறைவு, வைக்கோலும் அளவாகப் போட்டால் முதல் வயிற்றில் அமிலம் ஏறும். அசை போடுவது குறையும், எச்சில் குறையும், அமிலத்தை அடக்க ஆள் இல்லாமல் போகும். ஃபேட் இறங்குவது அதனால். பொய்கைச் சந்தையில் புதிதாக மாடு பிடித்து வந்தவர்கள் "மாடு சரியில்லை, ஏமாந்துட்டேன்" என்று திட்டிக்கொண்டிருப்பார்கள், பாதி நேரம் ஏமாற்றியது டின்தான்.

டின்னிலேயே அளக்க வேண்டுமென்றால் அளங்கள், தப்பில்லை. ஆனால் ஒவ்வொரு பொருளும் உங்கள் டின்னில் எத்தனை கிலோ பிடிக்கிறது என்று ஒருமுறை எடை போட்டு, டின் மேலேயே மார்க்கர் பேனாவில் எழுதி வையுங்கள். தவிடு மில் மாறினாலும் புண்ணாக்கு இடிக்கிற பருவட்டு மாறினாலும் எடை மாறும், மறுபடி போடவேண்டும். கட்டி கட்டியாக உடைத்த புண்ணாக்கு அதே டின்னில் 6 கிலோதான் பிடித்தது எனக்கு. அப்படிப் போட்டால் புரதம் பதினேழரைக்கு வந்துவிடும்.

உடனே செய்ய வேண்டியது தீவனத்தைப் பாதியாகக் குறைத்து வைக்கோலைத் தாராளமாகப் போடுவது, மக்காச்சோளத்தை ரவை பதத்துக்கு அரைக்கச் சொல்வது. மாடு தீனியே எடுக்காமல் படுத்துவிட்டால் கணக்குப் பார்த்துக்கொண்டு உட்காராமல் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். அமிலம் முற்றினால் மணிக்கணக்குதான்.

ஒரு மாடு நன்றாகக் கறக்கிறது, பக்கத்து மாட்டுக்கு அதே தீவனத்தில் ஒன்றும் இல்லை

கலவை சமமாகக் கலக்கவில்லை, அல்லது மாடு பொறுக்கித் தின்கிறது. 2 கிலோ தாதுஉப்பையும் 1 கிலோ உப்பையும் நேராக 97 கிலோ மேல் வீசினால் அது ஓரிடத்தில்தான் கிடக்கும். முதலில் ஐந்து கிலோ தவிட்டில் அதைக் கலந்து, அந்தத் தவிட்டை இருபது கிலோவில் கலந்து, பிறகு மொத்தத்தில் விரித்துப் புரட்ட வேண்டும். புண்ணாக்குக் கட்டி பெரிதாக இருந்தால் கெட்டிக்கார மாடு நாக்கால் புண்ணாக்கை மட்டும் வழித்துவிட்டுத் தவிட்டைத் தொட்டியில் விட்டுவிடும். லேசாகத் தண்ணீர் தெளித்துப் பிசிறி வைத்தால் அந்த வேலை நடக்காது.

மழை மாசத்தில் திடீரென்று தீவனத்தை முகர்ந்துவிட்டு விலகுகிறது

ஐப்பசி, கார்த்திகையில் தவிடு, புண்ணாக்கு இரண்டையும் பாருங்கள். எண்ணெய் எடுக்காத தவிடு இரண்டு மூன்று வாரத்தில் சிக்கு வாடை அடித்துவிடும், வாயில் போட்டால் கசக்கும். அதை மொத்தமாக வாங்கி வைப்பது வீண். கடலைப் புண்ணாக்கில் பச்சையோ கறுப்போ பூஞ்சை கண்டால் அந்தத் துண்டை மட்டும் சுரண்டிவிட்டு மிச்சத்தைப் போடும் பழக்கம் நம் பக்கம் இருக்கிறது, அதைச் செய்யாதீர்கள். அஃப்ளடாக்ஸின் என்ற நஞ்சு கண்ணுக்குத் தெரிகிற பூஞ்சையோடு நின்றுவிடாது, கொதிக்க வைத்தாலும் போகாது, கொஞ்சம் பாலிலும் இறங்கும். அந்தப் பாலை நம் வீட்டுப் பிள்ளைகளும்தான் குடிக்கிறார்கள். மூட்டையைச் சுவரை ஒட்டாமல் பலகை மேல் அடுக்குங்கள், பத்துப் பதினைந்து நாளுக்கு ஆகிற அளவு மட்டும் கலந்து வையுங்கள்.

அக்கா கதைக்கு வருகிறேன். பழைய மில் தவிடே வாங்கி, புண்ணாக்கும் தோல் இல்லாததாகப் பார்த்து வாங்கி, அதே 24, 36.5, 36.5 கணக்கில் கலந்தார். ஹல்லர் தவிட்டில் கலந்தது ஒரு மூட்டை மிச்சம் இருந்தது, அதைக் குப்பையில் கொட்ட அவருக்கு மனசு வரவில்லை. கறவை வற்றின மாட்டுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக வைக்கோலோடு பிசிறிப் போடச் சொன்னேன். கறக்கிற மாட்டுக்குப் புதுக் கலவையை ஒரேயடியாக மாற்றாமல் ஒரு வாரத்தில் முதலில் கால்பங்கு, பிறகு அரை, முக்கால் என்று ஏற்றினார். மூன்றாம் நாளே சாணி இறுக்கம் தளர்ந்து, மாடு வைக்கோலை முழுசாகத் தின்ன ஆரம்பித்தது. பால் ஏற இன்னும் ஒரு வாரம் பிடித்தது. போன வாரம் மறுபடி போன் வந்தது: கம்பு மலிவாகக் கிடைக்கிறதாம், மக்காச்சோளத்துக்குப் பதில் போடலாமா என்று. போடலாம், கம்பில் புரதம் 11 அளவுக்கு இருக்கும், அப்போது ஜோடி 12 ஆகிறது, புண்ணாக்கு 21 கிலோ போதும், கம்பும் தவிடும் தலா 38 என்றேன். "இரு, டம்ளர்ல போட்டுப் பாத்துட்டு வாங்கறேன்" என்றார். கம்புக்கு டம்ளர் வேண்டாம் அக்கா, வண்டு இருக்கா பார் போதும் என்றேன்.